முறையே: நிரல்நிறையிலிருந்து காணி உறுதி வரை

பலரை ஓரிடத்தும் அவர்களுக்குரிய தொகைகளையோ முகவரிகளையோ மற்றோரிடத்தும் நிரலாக எழுதி, இரண்டு நிரல்களையும் ஒரே சொல்லாற் பிணைப்பது இன்றைய சட்ட ஆவணங்களிற் பெருவழக்காக உள்ளது. ஆங்கிலத்தில் ‘றெஸ்பெக்ரிவ்லி’ என்னும் சொல் இப்பணியைச் செய்கின்றது. தமிழில் ‘முறையே’ என்கின்றோம். ‘அ, ஆ, இ ஆகியோருக்கு முறையே நூறு, இருநூறு, முந்நூறு ரூபா’ என்பதில் யாருக்கு எவ்வளவு என்பதை எந்தச் சொல்லும் நேரே உரைக்கவில்லை. வரிசையே உரைக்கின்றது. ஆதலின் வரிசை பிறழ்ந்தாற் பொருளும் பிறழும். இவ்வமைப்பைப் பண்டை இலக்கண நூலார் எவ்வாறு நோக்கினர் என்பதையும், செய்யுளில் அழகாக அமைந்த ஒன்று ஆவணத்தில் ஏன் இடராகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கண நூலார் கண்ட நிரல்நிறை

இவ்வமைப்புக்குத் தமிழ் இலக்கணம் இட்ட பெயர் நிரல்நிறை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்து எச்சவியல், செய்யுளிற் சொற்கள் பொருள்கொள்ளுமாறு நான்கெனக் கூறி, அவற்றுள் நிரல்நிறையை முதலில் வைக்கின்றது. சொற்கள் ஒரு புறம் நிற்க, அவை சென்று சேரும் பொருள் வேறொரு புறம் நிற்பதே அதன் இயல்பு. பெயர்களும் இவ்வாறு வரும், வினைகளும் வரும். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டொன்றிற் கொடி, குவளை, தாமரைக் கொட்டை என மூன்று முதலில் வருகின்றன. பின்னர் இடை, கண், மேனி என மூன்று வருகின்றன. கொடி இடைக்கும், குவளை கண்ணுக்கும், கொட்டை மேனிக்கும் உவமையாதலைக் கற்போர் தாமே உணர்ந்து கொள்கின்றனர்.

வடமொழியிற் பாணினி இதனை இன்னும் இறுக்கமாக வரையறுத்தார். அவருடைய அட்டாத்தியாயியின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்திலுள்ள பத்தாம் சூத்திரம், எண்ணிக்கையில் ஒத்த இரண்டு நிரல்கள் வருமாயின் முதலாவது முதலாவதற்கும், இரண்டாவது இரண்டாவதற்கும் எண்முறைப்படி உரியவாகும் என விதிக்கின்றது. உயிர்முன் இ, உ, ரு, லு என்பன ய், வ், ர், ல் எனத் திரியும் என்று அவர் ஒரே சூத்திரத்திற் கூற முடிந்தமைக்கு இவ்விதியே துணை. இங்கே நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, நிரல்கள் எண்ணிக்கையில் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையாகும். நிரல்கள் ஒவ்வாதவிடத்து இவ்விதிக்கு வேலையில்லை.

நன்னூலார் பொருள்கோள் எட்டனுள் நிரல்நிறையை ஒன்றாக வைத்து, அது முறையாகவும் எதிராகவும் வரும் என்றார். முதலுக்கு முதலும் ஈற்றுக்கு ஈறுமாகச் செல்வது முறை நிரல்நிறை. முதலுக்கு ஈறும் ஈற்றுக்கு முதலுமாகச் செல்வது எதிர் நிரல்நிறை. இன்று ஆவணங்களில் நாம் எழுதும் ‘முறையே’ என்னும் சொல் நன்னூலார் ஆண்ட இந்த ‘முறை’யோடு பொருளால் ஒன்றுபடுவது. எதிர்வரிசை அன்று, நேர்வரிசையே என்பதை அது வெளிப்படையாகச் சொல்லி விடுகின்றது.

எதிர் நிரல்நிறைக்கு நன்னூல் உரைகளிற் காட்டப்படும் வெண்பா நமது ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது. அதிற் காஞ்சிபுரத்துத் திருமால் கோயில்கள் மூன்று வெஃகா, பாடகம், ஊரகம் என்ற வரிசையில் வருகின்றன. பின்னர் நின்றான், இருந்தான், கிடந்தான் என்னும் வினைகள் வருகின்றன. முறையாகக் கொண்டால் வெஃகாவில் திருமால் நிற்க வேண்டும். உண்மையில் அங்கே பள்ளிகொண்ட கோலம். ஊரகத்திலேதான் நின்ற கோலம். பாடகத்தில் இருந்த கோலம். ஆகவே வினைகளை ஈற்றிலிருந்து முதலுக்குக் கொண்டு கூட்ட வேண்டும். காஞ்சியின் கோயில்களை அறிந்தவன் இதில் இடர்ப்படான். அறியாதவன் வெஃகாவில் நின்றான் என்றே கொண்டு, தவறு நேர்ந்தது என்ற ஐயமும் இன்றிச் செல்வான். அது மட்டுமன்று. மூன்றில் நடுவிலுள்ள பாடகம் எவ்வாறு எண்ணினும் இருந்தான் என்பதையே சேரும். ஒருவன் நடுவிலுள்ள ஒன்றை மட்டும் ஒத்துப் பார்த்து மற்றவையும் சரியென நம்பினால் ஏமாறுவான்.

திருக்குறளின் 410 ஆம் குறளிலும் இவ்வமைதியைக் காணலாம். விலங்கு, மக்கள் என்பது முதல் நிரல். கற்றார், ஏனையவர் என்பது இரண்டாம் நிரல். எழுதிய வரிசையிற் பொருத்தினாற் கற்றவர் விலங்காகி விடுவர். அவ்வாறு பொருள்கொள்ளத் தமிழறிந்த எவனும் துணியான். கற்றார் மக்கள், ஏனையோர் விலங்கு என மாற்றியே கொள்கின்றோம்.

இவ்வெடுத்துக்காட்டுகளால் ஓர் உண்மை புலப்படுகின்றது. செய்யுளில் நிரல்கள் எவ்வாறு கிடப்பினும் பொருந்தும் இணையைப் பொருளே காட்டிக் கொடுக்கின்றது. குவளை இடைக்கு உவமையாகாது. கற்றவன் விலங்காகான். வரிசை ஒரு துணை மட்டுமே. பொருள் என்னும் வேறொரு சாட்சி அங்கே உண்டு. தொகையும் முகவரியும் வரும் நிரலிலோ அந்தச் சாட்சி இல்லை. மூன்று இலட்சம் ரூபா இன்னாருக்கே பொருந்தும் என்று கூறும் இயல்பு எதுவும் அத்தொகையிடத்து இல்லை. எவருடைய பெயரோடும் அது ஒட்டும். அங்கே வரிசை ஒன்றே சாட்சி. அது பொய்த்தால் மறுத்துரைக்க மற்றொன்று இல்லை.

2. கல்லிற் பொறித்தோர் கொண்ட வழி

நிரல்நிறையை இத்துணை நுட்பமாக அறிந்த தமிழ் மரபில், பெயரும் முகவரியும் ஊதியமும் ஒருங்கே பதிய நேர்ந்தபோது என்ன செய்தனர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்று சான்றாகின்றது. முதலாம் இராசராசன் ஏறக்குறைய 1014 ஆம் ஆண்டளவில், பல கோயில்களிலிருந்து கொணர்ந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைத் தன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களிற் குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

அனைவருக்கும் பங்கு ஒன்றேயாதலால் நானூறு பெயர்களை ஒரு சேரவும், நானூறு வீடுகளை ஒரு சேரவும் எழுதி முடித்திருக்கலாம். கல்வெட்டு அவ்வாறு செய்யவில்லை. தெரு, தெருவின் சிறகு, அதில் எத்தனையாவது வீடு, அங்கு இருப்பவள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர், அவளுக்குரிய பங்கு என ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே கூறிச் செல்கின்றது. தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என எண் ஒவ்வொரு பதிவுக்குள்ளேயே நிற்கின்றது. கல்லிற் பொறிப்பது உழைப்பு மிக்க வேலை. இருந்தும் சொற்சுருக்கம் கருதி இரு நிரலாக்கவில்லை. ஒரு பெயரின் எழுத்துகள் சிதைந்து போனாலும் அடுத்த பெயருக்குரிய வீடு எது என்பதில் ஐயம் எழாது. இரண்டு நிரலாக எழுதியிருப்பின் ஓரிடத்துச் சிதைவு அதன்பின் வரும் பதிவுகள் அனைத்தையும் ஐயத்துக்கு இடமாக்கியிருக்கும்.

3. ஆங்கிலச் சட்ட வழக்கு

ஆங்கிலச் சட்டம் இவ்வமைப்பை இரண்டு வழியாற் கையாண்டது. ஒன்று, ‘றெடென்டோ சிங்குலா சிங்குலிஸ்’ என இலத்தீனில் வழங்கும் பொருள்கோள் நெறி. ஒவ்வொன்றையும் அதற்குரிய ஒன்றுக்கே உரித்தாக்குக என்பது அதன் கருத்து. வாளையோ துப்பாக்கியையோ ஒருவன் உருவினாலும் குண்டேற்றினாலும் குற்றம் என ஒரு விதி கூறுமாயின், உருவுதல் வாளுக்கும் குண்டேற்றுதல் துப்பாக்கிக்கும் உரியன எனக் கொள்ள வேண்டும் என்பது சட்ட நூல்களில் வழங்கும் எடுத்துக்காட்டு. இது நமது உரையாசிரியர் வழியே. இங்கும் இணையைக் காட்டுவது பொருள்.

பொருள் காட்ட இயலாத இடங்களுக்கு ‘றெஸ்பெக்ரிவ்லி’ என்னும் சொல் வேண்டியதாயிற்று. பின்னோக்கிப் பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாக அது பிறந்தது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும். இரண்டு நிரல்களையும் கடந்து வந்த பின்னரே, திரும்பிப் பார்த்து இணைத்துக்கொள் என்ற கட்டளை வாசகனுக்குக் கிடைக்கின்றது. தமிழில் ‘முறையே’ இரண்டாம் நிரலின் முன்னே நின்று எச்சரிக்கின்றது. இவ்வகையில் தமிழமைப்பு வாசகனுக்கு எளிது.

ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. அது பிரித்தல். பலருக்கு ஒரு சொத்தைக் கொடுக்கும்போது அச்சொல் வந்தால், அவர்கள் அனைவரும் சேர்ந்து ஒருவர் போல உடையவரல்லர், தனித்தனிப் பங்குடையவர் என்று கொள்ளவேண்டும் என 1734 இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கிலே கொள்ளப்பட்டது. அங்கே இணைக்கப்படுவதற்கு இரண்டாம் நிரலே தேவையில்லை. இதற்குத் தமிழில் ‘முறையே’ பொருந்தாது. ‘தனித்தனியே’, ‘தத்தம்’ என்பனவே பொருந்தும். ‘தரப்பினர் தத்தம் செலவைத் தாமே ஏற்பர்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தரப்பினர் முறையே செலவை ஏற்பர்’ என மொழிபெயர்த்தால், வாசகன் இல்லாத ஒரு நிரலைத் தேடித் திகைப்பான். சில வேளை முதலில் ஒருவர், பின்னர் மற்றவர் எனத் தவணை முறையாகவும் கருதிவிடக்கூடும். ஆகவே மொழிபெயர்ப்போர் முதலில் கேட்கவேண்டிய வினா, இங்கே இரண்டு நிரல்கள் உளவா என்பதே.

4. ஒரு காணி உறுதியில் வரிசை பிறழ்தல்

இலங்கையில் அசையாச் சொத்தின் கைமாற்றம் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு நிறைவேற்றப்பட வேண்டும். பங்காளிகள் பலர் சேர்ந்து விற்கும்போது பெயர், முகவரி, பங்கு, பணம் ஆகிய நான்கும் நிரலாக வருவது இயல்பு. பிறழ்ச்சி நேருமாற்றைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

சகோதரர் மூவர் ஒரு காணியை 9,00,000 ரூபாவுக்கு விற்கின்றனர். இராசையாவுக்கு அரைப் பங்கு, கமலாதேவிக்கு மூன்றில் ஒரு பங்கு, நல்லம்மாவுக்கு ஆறில் ஒரு பங்கு. ஆகவே அவர்கள் பெறவேண்டியவை 4,50,000, 3,00,000, 1,50,000 ரூபா. உறுதி முதலில் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. பெயர்களை ஆங்கில அகரவரிசையில் வைக்கும் எழுதுநர் கமலாதேவி, நல்லம்மா, இராசையா என எழுதுகின்றார். ஆங்கிலத்தில் இராசையாவின் பெயர் ‘ரா’ என்றே தொடங்குவதால் அது ஈற்றுக்குச் செல்கின்றது. தொகைகள் 3,00,000, 1,50,000, 4,50,000 என அதே வரிசையில் நிற்கின்றன. இதுவரை தவறில்லை.

பின்னர் தமிழ்ப் படி எழுதப்படுகின்றது. தமிழெழுதுவோர் பெயரின் முன் இகரம் சேர்த்து இராசையா என எழுதுவர். தமிழ் அகரவரிசையில் இகரம் ககரத்துக்கும் நகரத்துக்கும் முந்தியது. பெயர்கள் இராசையா, கமலாதேவி, நல்லம்மா என ஒழுங்கு செய்யப்படுகின்றன. எண்களுக்கு மொழி வேறுபாடில்லையாதலால் அவை இருந்தவாறே பெயர்த்தெழுதப்படுகின்றன. விளைவு, இராசையாவுக்கு 3,00,000, கமலாதேவிக்கு 1,50,000, நல்லம்மாவுக்கு 4,50,000. மூத்தவர் இருவரும் தலைக்கு 1,50,000 இழக்க, நல்லம்மா 3,00,000 மிகையாகப் பெறுகின்றார். மூவரில் ஒருவருக்கும் உரியது கிடைக்கவில்லை.

இப்படியை ஒருவர் சரிபார்க்கின்றார் என்று கொள்வோம். பெயர் மூன்று, தொகை மூன்று. பாணினியின் நிபந்தனை நிறைவேறுகின்றது. தொகைகளைக் கூட்டினால் 9,00,000 வருகின்றது. வரிசையை எவ்வாறு மாற்றினும் கூட்டுத்தொகை மாறாதாதலால் இச்சோதனை இங்கே பயனற்றது. ஆங்கிலப் படியோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் எண்ணும் உரிய இடத்தில் இருக்கின்றது. ஒவ்வொரு பெயரும் இருக்கின்றது. வாக்கியத்தில் இலக்கணப் பிழையில்லை. கண்டுபிடிக்கும் வழி ஒன்றே. வரிசையைச் சாராத வேறொரு சாட்சியை நாடவேண்டும். உறுதியின் முற்பகுதியில் உரிமை வரலாறு கூறுமிடத்து இராசையாவுக்கு அரைப் பங்கு எனத் தனி வாக்கியமாக இருப்பின், 9,00,000இன் அரைவாசி 4,50,000 அன்றோ, இங்கே ஏன் 3,00,000 என்ற வினா எழும். ஒவ்வொரு பெயருக்கும் இவ்வாறு கணக்கிட்டே ஒத்துப் பார்க்க வேண்டும்.

முகவரி நிரல் பிறழ்ந்தால் விளைவு சற்று வேறானது. இராசையாவுக்குப் போகவேண்டிய பதிவுத் தபால் கமலாதேவியின் வீட்டுக்குச் செல்லும். அங்கே அவரை அறியாதோர் இருந்தாற் கடிதம் திரும்பி வரும். திரும்பிய கடிதமே தவறைக் காட்டி விடுகின்றது. ஆனால் அது உடன்பிறந்தார் வீடு. தம்பிக்கோ அண்ணனுக்கோ வந்த கடிதம் எனக் கையொப்பமிட்டு வாங்கி மாடத்தில் வைத்துவிடுவர். அறிவித்தல் சேர்ந்ததென்று அனுப்பியவர் கருத, அதில் விதித்த தவணை ஓடிக்கொண்டிருக்கும். உறவினர் பெயர்கள் வரும் ஆவணங்களிலே முகவரிப் பிறழ்ச்சி மறைந்து கிடப்பதற்கு இது காரணமாகும்.

எண்ணிக்கை பிறழ்வதற்கும் நம்மிடையே தனிக் காரணங்கள் உண்டு. இருவருக்கு ஒரே தொகை வரும்போது அதனை ஒரு முறையே எழுதிவிடுவது ஒன்று. நால்வர் பெயருக்கு மூன்று தொகை வந்தால் எது இருவருக்குரியது என்பது தெரியாது. தகப்பன் பெயரை முன்னே வைத்துச் செல்லையா இராசையா என எழுதும் வழக்கில், இடையே ஒரு காற்புள்ளி தவறி விழுந்தால் ஒருவர் இருவராவர். ‘கந்தையாவும் மனைவியும்’ என்பதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதும் இத்தகையதே.

5. நீதிமன்றத்தின் முன்

வரிசைப் பிறழ்ச்சிக்கும் எண்ணிக்கைப் பிறழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு சான்றுச் சட்டத்திலும் பொருளுடையது. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவு, எழுத்தில் அமைந்த உடன்படிக்கையை வாய்மொழிச் சான்றாற் பொதுவாக மறுக்க இடந்தராது. எனினும் மோசடி, தவறு முதலியவற்றை நிரூபிக்க விலக்களிக்கின்றது. 93 ஆம் பிரிவோ, ஆவணத்தின் மொழி அதன் முகத்திலேயே ஐயத்துக்கிடமாகவோ குறைபாடாகவோ இருப்பின், அக்குறையை நிரப்பப் புறச்சான்று கூடாதென்கின்றது.

நமது எடுத்துக்காட்டில் மூன்று பெயர், மூன்று தொகை. முகத்தில் ஐயம் எதுவும் இல்லை. ஆகவே இராசையா ‘முறையே’ என்பதற்கு வேறு பொருள் உண்டென வாதிக்க இயலாது. எழுத்தில் தவறு நேர்ந்தது என்பதையே நிரூபிக்க முனைய வேண்டும். அந்தச் சுமை அவருடையது. கையில் ஆங்கிலப் படியும் பங்கு கூறும் முற்பகுதியும் இருப்பின் அது இயலும். அவை இல்லையெனின் அரிது. நான்கு பெயருக்கு மூன்று தொகை என்னும் ஆவணத்திலோ தவறு எல்லோருக்கும் தெரிகின்றது. ஆயினும் எந்தத் தொகை எவருக்கு என்பதை வாய்மொழியால் நிரப்ப 93 ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆவணத்தின் பிற பகுதிகள் விடை தந்தாலன்றி அவ்வாசகம் பயனற்றுப் போகும் ஆபத்துண்டு. கண்ணுக்குத் தெரியும் தவறு எளிதிற் திருத்தப்படும் என நாம் எண்ணுவது இவ்விடத்துப் பொருந்தவில்லை.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நிரல்நிறை செய்யுளில் நிலைபெற்றமைக்குப் பொருளாகிய இரண்டாம் சாட்சி அங்கிருந்ததே காரணம் என்பதும், தொகைக்கும் முகவரிக்கும் அச்சாட்சி இல்லாமையால் வரிசையின் மீது தாங்கவொண்ணாச் சுமை ஏறுகின்றது என்பதும் பெறப்படும். ‘முறையே’ என்னும் சொல் வரிசையை அறிவிக்கின்றதேயன்றி அதனைக் காப்பதில்லை. பிறழ்ந்த வரிசையையும் அதே உறுதியோடு அது அறிவிக்கும்.

இதற்குத் தமிழிலேயே எளிய மாற்று உண்டு. நான்காம் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி நிற்பது. ‘இராசையாவுக்கு 4,50,000 ரூபா, கமலாதேவிக்கு 3,00,000 ரூபா, நல்லம்மாவுக்கு 1,50,000 ரூபா’ என எழுதினால், பெயர்களை எந்த அகரவரிசையில் மாற்றினும் தொகை தன் பெயரோடு கூடவே செல்லும். ஒருவர் பெயரை நீக்கினால் அவருடைய தொகையும் உடன் நீங்கும். பெயர்கள் பலவாயின், ஒருவருக்கு ஒரு வரியாக, அவர் முகவரியும் பங்கும் தொகையும் அவ்வரியிலேயே அமையும் அட்டவணையை உறுதியோடு இணைக்கலாம். இதனாற் கூடுவது இரண்டொரு வரிகளே. தஞ்சைக் கல்வெட்டில் நானூறு பெயர்களுக்கும் இதனைச் செய்தனர். மூன்று பெயர் கொண்ட உறுதிக்கு நாம் இதனைச் செய்யாமைக்குத் தக்க காரணம் எதுவும் இல்லை.